சுந்தரம்மாவும் மூன்று புள்ளி சிக்னலும்

சுந்தரம்மாவுக்கு மனிதர்களை மதிக்கத் தெரியாது என்று அவள் புருஷன் முனிசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அது பொய். மதிக்கத்தக்க ஆளைக் கண்டால் மதிப்பாள். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அப்படி மூன்று பேரைப் பார்த்திருக்கிறாள், அதில் முனிசாமி இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரா ஊர் அவளுடையது. ஒரு சாண் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, பத்து வயதிலிருந்து மற்றவர் தோப்பில் மாங்காய் பொறுக்கி, பிறகு தரம் பிரித்து, பிறகு கூலி ஆட்களுக்கு மேஸ்திரியாக நின்று, மூன்று வருஷத்துக்கு முன் வடமாலபேட்டைப் பக்கம் ஒரு தோப்பைத் தானே குத்தகைக்கு எடுத்தவள். காயைக் கையில் வாங்கினால் போதும், எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவாள். ஆளைக் கண்ணால் பார்த்தால் போதும், எத்தனை நிமிஷத்தில் பொய் சொல்வான் என்றும் சொல்லிவிடுவாள். இரண்டாவதில் அவள் தவறியது ஒரே ஒரு தடவை. அதுதான் மாம்பழக் கூழ் எடுக்கிற பல்ப் பேக்டரி முரளிதரன் விஷயம்.

ஜூன் மாதத்தில் சித்தூர் ஜில்லாவில் தோத்தாபுரி மாங்காய் மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கும். அத்தனையும் கூழாக்கும் பேக்டரிகளுக்குப் போயாக வேண்டும். புத்தூர் ரோட்டுப் பக்கத்தில் இருந்த அந்த பேக்டரியில் போன வருஷம் வரை கேட் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து டோக்கன் நம்பரைக் கத்தினார்கள். ஆட்கள் முண்டியடித்து, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. உடனே முதலாளி ஒரு புத்திசாலித்தனம் செய்தார். யாரும் கேட்டுக்குள் வரக்கூடாது, டிராக்டர்கள் எல்லாம் ரோட்டோரம் வரிசையில் நிற்க வேண்டும், முறை வந்தால் போனில் கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காதவன் டோக்கன் ரத்து. திரும்பவும் கடைசியில் போய் நிற்க வேண்டும். கடைசி என்றால் இன்னும் நாலு நாள்.

கூப்பிடுகிற வேலை முரளிதரனுக்கு. அவனுக்கென்றே இந்த வருஷம் புது ரூம் கட்டிக் கொடுத்தார்கள். மேலே பழம் பழுக்க வைக்கிற பெரிய அறை, அதன் பாரத்தைத் தாங்குவதற்காகக் கீழே கம்பி நெருக்கிக் கட்டிய கான்கிரீட். இரும்புக் கதவு. வெயில் தெரியாதபடி வெள்ளிப் பூச்சு பூசிய கண்ணாடி. உள்ளே ஏ.சி. முரளிதரன் அதற்குள் நுழைந்த நாளிலிருந்து கலெக்டர் மாதிரி கழுத்தை வைத்துக்கொண்டான். விவசாயிகள் யாரும் தனக்குப் போன் செய்து தொந்தரவு கொடுப்பதில்லை என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. தன் பதவிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் அந்த மகாராஜன்.

சுந்தரம்மாவின் டோக்கன் அறுபத்தொன்று. திங்கட்கிழமை காலையில் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற பருவத்தில் காய் பறித்திருந்தாள். பட்டன் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. ஒதுங்கப் போனால்கூட முனிசாமி கையில் கொடுத்து, மணி அடித்தால் பச்சை பட்டனை அமுக்கு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். அதைச் சிவப்பு என்று அவன் ஞாபகம் வைத்துக்கொள்வான் என்ற பயம் அவளுக்கு இருந்தது.

செவ்வாய் போயிற்று. போன் அடிக்கவில்லை. புதன் காலையில் எழுபத்திரண்டாம் நம்பர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனான். சுந்தரம்மா அவனை நிறுத்திக் கேட்டாள். இப்போதுதான் போன் வந்தது என்றான். டிரெய்லரின் அடியில் பார்த்தாள். கீழ் அடுக்குக் காய் பழுத்து, பாரத்தில் நசுங்கி, பலகை இடுக்கில் சாறு சொட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாங்கும். நாலு நாள் தாங்காது. ஒரு வருஷத்துத் தோப்பு அந்த டிரெய்லரில் இருந்தது.

கேட் வாட்ச்மேன் தடுத்தான். தடுக்கிற அளவுக்கு அவன் பெரிய ஆள் இல்லை என்பதை இரண்டு வார்த்தையில் புரிய வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முரளிதரன் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினான். அறுபத்தொன்றுக்கு எதிரே மூன்று கோடு, பக்கத்தில் தெலுங்கில் 'எத்தலேது'. எடுக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது. பத்து பேர் இருந்தால் ஏழு பேர் எடுக்கவில்லை. நாலு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் போனையே பார்த்துக்கொண்டு ரோட்டில் கிடக்கிறவர்கள், போன் வந்தால் எடுக்க மாட்டார்களாம். அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே எழுதியவனுக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

தனக்குப் போனே வரவில்லை என்றாள் சுந்தரம்மா. தன் போனில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை என்று நீட்டினாள். முரளிதரன் தன் பெரிய போனை எடுத்து, அதிலிருந்த பட்டியலைக் காட்டினான். அவள் நம்பர், செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து, பதினொன்று பன்னிரண்டு, பதினொன்று பதினைந்து. மூன்று தடவை. அவளுக்கு எழுத்து வராது, ஆனால் தன் நம்பரின் உருவம் தெரியும். அது அவள் நம்பர்தான்.

"நீ அழிச்சிட்டு வந்திருப்ப. எங்கிட்டயா?" என்றான் முரளிதரன்.

காசு வாங்கிக்கொண்டு எழுபத்திரண்டை உள்ளே விட்டிருக்கிறான் என்று சுந்தரம்மா முடிவு கட்டினாள். ரோட்டில் நின்ற எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அவள் தவறிய இடம் இதுதான். அவன் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. பின்னால் அது தெரிந்தபோது அவளுக்கு அவன் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. திருடனுக்காவது தான் செய்வது என்னவென்று தெரியும்.

இப்போதே கூப்பிடு, அடிக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். கண்ணாடிக்குள் முரளிதரன் தெரியவில்லை, அவன் போட்டிருப்பான் என்ற நம்பிக்கையில் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அடிக்கவில்லை. திரும்பி உள்ளே போனாள். மேசை மேல் அவன் போன் கிடந்தது. போட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை என்றான்.

"மரத்துக்கீழ நின்னுக்கினு கையில வெச்சிக்கினுதான் இருந்தேன். அடிக்கவே இல்ல."

"இதோ பாரு, சிக்னல் மூணு புள்ளி. எம்போன்ல தப்பில்ல."

அந்த மூன்று புள்ளியை அவன் நம்பினதைப்போல பெற்ற அப்பனையும் நம்பியிருக்க மாட்டான். சரி வா என்று எழுந்து, பெரிய மனசு பண்ணி, கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்து மறுபடி போட்டான். சுந்தரம்மாவின் போன் உடனே அலறியது. பார்த்தாயா, இப்போது மட்டும் எப்படி அடிக்கிறது என்று அவன் சிரித்தான். தன் தரப்பை நிரூபித்துவிட்டதாக அவனுக்கு எண்ணம்.

வராந்தாவில் ஏணி போட்டு ஏறி, புதிதாக இழுத்த ஃபைபர் கேபிளைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் கிரண்குமார். எடைமேடைக் கம்ப்யூட்டருக்கும் டோக்கன் ரூமுக்கும் இன்டர்நெட் போட வந்தவன். திருப்பதியில் வீடு வீடாக ஏறி இறங்கி இந்த வேலையையே பத்து வருஷமாகச் செய்கிறவன். அவன் ஏணியிலிருந்தபடியே, உள்ளே போய் இன்னொரு தடவை போடுங்கள் சார், ஆனால் காதில் வைத்துக் கேளுங்கள் என்றான்.

முரளிதரனுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. காதில் வைக்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. நம்பரைத் தட்டிவிட்டு போனை மேசையில் வைப்பான், ரிஜிஸ்டரில் கோடு போடுவான், திரை அணைந்ததும் அடுத்த தடவை தட்டுவான். மூன்று கோடு, ஒரு 'எத்தலேது'. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேரை இப்படித் தீர்த்துக்கட்டுகிற வேலை. எதிர்ப்பக்கம் மணி அடிக்கிறதா என்று ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை.

கிரண்குமார் இறங்கி வந்து, அந்தப் போனை வாங்கி, ரூமுக்குள் நின்று ஸ்பீக்கரில் போட்டான். சுந்தரம்மா வாசலில் நின்றாள். திரையில் கூப்பிடுகிற மாதிரி காட்டியது. மணிச்சத்தம் இல்லை. மூச்சுப் பேச்சு இல்லை. இருபது நொடி கழித்து டுக் டுக்கென்று ஏதோ சொல்லி அணைந்தது. மேலே மூன்று புள்ளி அசையாமல் நின்றது. பட்டியலில் மட்டும் இன்னொரு கால் ஏறியிருந்தது.

"போன் கால் ரூம விட்டே வெளிய போவலக்கா. அதான் உனக்கு மிஸ்டு காலும் வரல" என்றான் கிரண்குமார்.

புள்ளி இருக்கிறதே என்றான் முரளிதரன். அந்த ஒரு வாக்கியம்தான் அவனுக்குத் தெரியும்போல.

கிரண்குமார் பொறுமைசாலி. சொன்னான். "அந்தப் புள்ளி இன்னான்னா சார், டவர் பேசறது உன் போனுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு காட்டுது. உன் போன் பேசறது டவருக்குக் கேக்குதான்னு அது காட்டாது. டவரு கோயில் மைக்செட்டு மாதிரி, செவுரு தாண்டியும் கொஞ்சம் உள்ள வந்துடும். உன் போனோட பவரு கால் வாட்டுதான். இந்தக் கம்பியும் கான்கிரீட்டும் கண்ணாடிப் பூச்சும் தாண்டி அது திரும்பிப் போவாது. போன் கால் போறதுக்கு ரெண்டு பக்கமும் கேக்கணும்."

அப்படியானால் சில பேருக்கு மட்டும் எப்படிப் போகிறது என்று சுந்தரம்மா கேட்டாள். கிரண்குமார் முரளிதரனைப் பார்த்தான். முரளிதரன் யோசித்தான். அது அவனுக்குக் கஷ்டமான வேலையாக இருந்தது. டீ குடிக்க வராந்தாவுக்குப் போகும்போது போட்டிருப்பேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். ஆக, டீ நேரத்தில் யார் நம்பர் வந்ததோ அவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் ரோட்டில். அவனுக்கே போன் செய்து கேட்கப் பார்த்தவர்களுக்கு, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று போன் கம்பெனிப் பெண்ணின் பதிவுக் குரல். பதவிக்குப் பயந்து யாரும் கூப்பிடவில்லை என்று அவன் பூரித்துப்போனதன் ரகசியம் அதுதான்.

இதைக் கேட்டபோது சுந்தரம்மா சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. வாயைத் திறந்து திட்ட ஒரு ஆள் வேண்டுமே. எதிரே இருந்தது வெறும் சட்டையும் பேண்ட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வராந்தாவில் மேசை போட்டுக்கொள் என்றாள். ஏ.சி. இல்லாமல் ரிஜிஸ்டர் பார்க்க முடியாது, அங்கே ஆட்கள் மொய்ப்பார்கள், முதலாளி வைவார் என்றான். வாட்ஸ்அப்பில் கூப்பிடலாமா என்று அவனே ஒரு யோசனையும் சொன்னான். அவள் தன் பட்டன் போனை அவன் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள். ரோட்டில் நிற்கிறவர்களில் பாதிப் பேரிடம் அந்த மாதிரிப் போன்தான்.

இந்த ரூமிலேயே முடியும் என்றான் கிரண்குமார். தான் இழுத்த கேபிள் சுவரில் போட்ட துளை வழியாக உள்ளே வந்து வைஃபை பெட்டியில் சேர்ந்துவிட்டது. போனின் பேச்சு சுவரைத் தாண்ட வேண்டாம், இதோ நாலடி தூரத்திலிருக்கிற வைஃபை பெட்டி வரைக்கும் போனால் போதும். அங்கிருந்து கம்பி வழியாகப் போய், போன் கம்பெனிக்குச் சேர்ந்து, அவர்கள் வழக்கம்போல் சுந்தரம்மாவின் பட்டன் போனுக்கு மணி அடிப்பார்கள். எதிரே இருப்பவருக்கு வைஃபை வேண்டியதில்லை, தனியாக ஒரு ஆப்பும் வேண்டியதில்லை. அதே நம்பர், அதே மணி. முரளிதரனின் போனிலும் அந்த வசதி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அவன் அதைத் திறந்து பார்த்ததில்லை.

கிரண்குமார் செட்டிங்கில் போய் வைஃபை காலிங்கைப் போட்டான். கூப்பிட்டுப் பார்த்தான். பழையபடியே ஊமையாகி அணைந்தது. டவர் புள்ளி கொஞ்சம் தெரிகிறதால் போன் அந்த வழியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றான். பிறகு ஏரோப்ளேன் படத்தை அமுக்கினான். மூன்று புள்ளியும் மறைந்தன. அதன் பிறகு வைஃபையை மட்டும் திரும்பப் போட்டான்.

முரளிதரன் பதறிவிட்டான். "அய்யோ, சிக்னல் மொத்தமா பூடுச்சே. முதலாளி கேட்டா நான் இன்னா சொல்வேன்?"

ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். மேலே வைஃபை காலிங் அடையாளம் வந்தது. சுந்தரம்மா மறுபடி வேப்பமரத்தடிக்குப் போனாள். போன் அடித்தது. பச்சை பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள். கான்கிரீட்டுக்குள்ளிருந்து கிரண்குமாரின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி தெளிவாக, கேக்குதாக்கா என்றது. கேட்கிறது என்றாள். அந்த நிமிஷத்தில் அவள் மதிக்கிற ஆட்களின் எண்ணிக்கை நாலாயிற்று.

அவள் உள்ளே வந்தபோது முரளிதரன் புள்ளியில்லாத அந்தத் திரையை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். சுந்தரம்மா ரிஜிஸ்டரைக் காட்டி, 'எத்தலேது' எழுதின நாற்பத்துமூன்று பேரையும் முதலிலிருந்து கூப்பிடச் சொன்னாள். எழுதினதை மாற்ற முடியாது, ரூல் அப்படி என்றான் அவன். ரூல் மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்று இருக்கிறது, நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே என்றாள் அவள். நாற்பத்துமூன்று பேரும் ரோட்டில்தான் நிற்கிறார்கள், நான் போய் விஷயத்தைச் சொல்லவா, அவர்களே உன் ரூமுக்கு வந்து ரூல் பேசட்டும் என்று நிதானமாகக் கேட்டாள்.

கதவைப் பார்த்தான், கிரண்குமாரைப் பார்த்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா, உன் வண்டிய இப்பவே உள்ள வுடறேன். சத்தம் போடாத. மத்தவங்களுக்கு நாளைக்கு மெல்லமா பாத்துக்கலாம்."

சுந்தரம்மா உடனே பதில் சொல்லவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரோட்டில் சாறு சொட்டுவது அவள் காதுக்கே கேட்பதுபோல் இருந்தது. முனிசாமி அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தான். சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினான். சரி என்ற வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்தது. அதைத் தடுத்தது நல்ல மனசு என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். இப்படிப்பட்ட ஒருவன் கையால் ஒரு சலுகை வாங்கினால் அதை எங்கே கழுவுவது என்ற அருவருப்புதான் தடுத்தது.

"மொதல் நம்பரப் போடு" என்றாள்.

பட்டியலில் முதல் ஆள் டோக்கன் பதினாலு, வெங்கடசாமி, நாராயணவனத்துக்காரர். சனிக்கிழமையே ரத்தானவர். ஸ்பீக்கரில் மணி அடிக்கிற சத்தத்தை முரளிதரன் முதல் தடவையாகக் கேட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

முரளிதரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பேக்டரியிலிருந்து பேசுவதாகவும், டோக்கன் பதினாலு வண்டியைக் கேட்டுக்குக் கொண்டுவரலாம் என்றும் சொன்னான். லைன் சரியாக இருக்கிறதா என்று கிரண்குமார் திரையை எட்டிப் பார்த்தான். லைன் நன்றாகவே இருந்தது.

"நேத்துக் கொட்டிட்டேன் சார்" என்றார் வெங்கடசாமி. "உங்க பேக்டரிக்குப் பின்னால ஏரிக்கரையிலதான். ஈ மொய்ச்சிக்கினு கீது. வாசனை உங்களுக்கு வரலியா?"

வரவில்லைதான். அந்த ரூமுக்குள் எதுவும் வராது. முரளிதரன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தான், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எடுக்காதது உங்கள் தப்பு என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை. சிக்னல் ப்ராப்ளம் அண்ணா, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்றான்.

சுந்தரம்மா குனிந்து போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "சிக்னல் மேல பழி போடாத. நீ ஒரு தபா காதுல வெச்சிக் கேட்டிருந்தா அந்தாளு காய் உள்ள போயிருக்கும்."

யாரும்மா நீ என்று கேட்டார் வெங்கடசாமி. உன்னை மாதிரி ரோட்டில் நின்றவள்தான் என்றாள். அவர் யாரையும் திட்டாமல், சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

முனிசாமி வாசலிலிருந்து, நம்ம வண்டி, நம்ம வண்டி என்று முனகினான். அவர்கள் முறைக்கு முன்னால் இன்னும் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சுந்தரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிஜிஸ்டரில் இரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"போடு. காதுல வெச்சிக்கோ" என்றாள்.

முரளிதரன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.